இருட்டினால் அணையும் ஏழாவது கேமரா

எட்டு போர்ட் உள்ள ஒரு பிஓஇ ஸ்விட்ச்சில் ஏழு கேமராக்களை மாட்டிக் கொடுத்திருந்தேன். பகலில் எல்லாம் ஒழுங்காக ஓடின. இருட்டத் தொடங்கியதும் ஏழாவது கேமராவின் படம் மட்டும் போய்விடும், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும், மறுபடி போகும். விடிந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. கேமராவை மாற்றிப் பார்த்தேன். கேபிளின் இரண்டு முனைகளையும் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தேன். பலனில்லை. கேமராவிலும் கேபிளிலும் ஒரு குறையும் இல்லை. ஸ்விட்ச் வாங்கும்போது நான் பார்க்காமல் விட்ட ஒரு எண்தான் காரணம்.

நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரத்தையும் அனுப்புவதுதான் பிஓஇ. ஆனால் ஸ்விட்ச் எடுத்த எடுப்பிலேயே 48 வோல்ட்டைத் திறந்துவிடாது. எதிர்முனையில் இருப்பது லேப்டாப்பாகவோ பழைய பிரிண்டராகவோ இருக்கலாம் அல்லவா? அதனால் முதலில் பத்து வோல்ட்டுக்குள் ஒரு சிறு மின்னழுத்தத்தைக் கொடுத்துத் தட்டிப் பார்க்கிறது. மின்சாரம் வாங்கத் தெரிந்த கருவிக்குள் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை இருக்கும். அது தெரிந்தால்தான் அடுத்த படி. இப்போது மின்னழுத்தம் 15.5 முதல் 20.5 வோல்ட்டுக்குள் உயர்கிறது, கருவி தன் பசியை மின்னோட்டமாகவே சொல்கிறது. சுமார் 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் கிளாஸ் 1, சுமார் 18 என்றால் கிளாஸ் 2, 28 என்றால் கிளாஸ் 3, 40 என்றால் கிளாஸ் 4. ஒன்றுமே சொல்லாத கருவி கிளாஸ் 0. அதற்கும் கிளாஸ் 3-க்கு உள்ள அளவையே ஒதுக்குவார்கள். இந்த விசாரணை முடிந்த பிறகுதான் முழு மின்சாரமும் போகும்.

2003-இல் வந்த 802.3af தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்றும், கருவிக்குக் கிடைப்பது 12.95 வாட் என்றும் இருக்கும். இந்த விநோதமான எண்கள் எங்கிருந்து வந்தன என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். கணக்கு எளியதுதான். ஸ்விட்ச் தரும் குறைந்தபட்ச மின்னழுத்தம் 44 வோல்ட், மின்னோட்டம் 0.35 ஆம்பியர், பெருக்கினால் 15.4 வாட். 100 மீட்டர் கேபிளில் போய்த் திரும்பும் பாதையின் மின்தடை அதிகபட்சம் 20 ஓம் என்று தரம் எடுத்துக்கொள்கிறது. 0.35 × 0.35 × 20 = 2.45 வாட். அது கேபிளிலேயே சூடாகப் போய்விடும். மிச்சம் 12.95.

2009-இல் வந்த 802.3at, கடைகளில் பிஓஇ பிளஸ் என்று சொல்வது, போர்ட்டில் 30 வாட்டும் கருவியில் 25.5 வாட்டும் தருகிறது. கிளாஸ் 4 என்பது இதுதான். 2018-இல் வந்த 802.3bt கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளையும் பயன்படுத்தி கிளாஸ் 8 வரை போகிறது: போர்ட்டில் 90 வாட், கருவியில் 71.3. இடையில் உள்ள கிளாஸ் 6-இல் 60, 51.

ஸ்விட்ச்சின் தரம் கருவியின் தேவைக்குக் குறைவாக இருந்தால் என்ன ஆகும்? கருவி எரிந்துபோகாது, அணைந்தே கிடக்கும் என்றும் சொல்ல முடியாது. வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் இங்கே கொஞ்சம் தந்திரக்காரன். பிஓஇ பிளஸ் ஸ்விட்ச் கிளாஸ் கேள்வியை இரண்டு முறை கேட்கலாம். இல்லையென்றால், மின்சாரம் கொடுத்த பிறகு எல்எல்டிபி என்ற நெறிமுறை வழியாக இரண்டும் பேசி அளவை முடிவுசெய்யும். இரண்டும் நடக்காவிட்டால், எதிரே இருப்பது பழைய தரம் என்று ஆக்சஸ் பாயின்ட் எடுத்துக்கொண்டு 12.95 வாட்டுக்குள் அடங்கிவிட வேண்டும். அதற்காகச் சில மாடல்கள் ரேடியோவின் ஒரு பகுதியை அணைத்துவிடும், யுஎஸ்பி போர்ட்டை மூடிவிடும். விளக்கு எரியும், வைஃபையும் வரும், வேகம் மட்டும் வராது. புகார் வந்தால் எல்லோரும் ஆன்டெனாவைச் சந்தேகிப்பார்கள்.

சரி, ஏழாவது கேமராவுக்கு வருவோம். அந்த ஸ்விட்ச்சின் ஒவ்வொரு போர்ட்டும் 30 வாட் தரும். பெட்டியில் அதைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். எட்டு போர்ட்டுக்கும் சேர்த்து மொத்த பட்ஜெட் 65 வாட் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். பகலில் ஒரு கேமரா இழுப்பது 5 வாட், ஏழுக்கு 35. இருட்டியதும் எல்லாக் கேமராக்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அகச்சிவப்பு விளக்குகளைப் போடும். அப்போது ஒன்றுக்கு 10 வாட், ஏழுக்கு 70. பட்ஜெட்டைத் தாண்டியதும் ஸ்விட்ச் கடைசி போர்ட்டை வெட்டிவிடும். இப்போது 60 வாட்தான் ஓடுகிறது, இடம் இருக்கிறது என்று நினைத்து மறுபடி கொடுக்கும். கேமரா விளக்கில்லாமல் 4 வாட்டில் எழும்; கணக்கு 64, பிரச்சினை இல்லை. அப்புறம் விளக்கு போடும், 70. மறுபடி வெட்டு. விடியும்வரை இதே கதைதான்.

என் ஸ்விட்ச் நிஜமாக இழுக்கும் அளவைப் பார்த்து வெட்டும் ரகம். கருவி சொன்ன கிளாஸுக்கு உரிய அளவை முழுதாக ஒதுக்கிவைக்கும் ரகமும் உண்டு. பலவகைக் கருவிகள் சேரும்போது இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். 24 போர்ட், 195 வாட் பட்ஜெட் உள்ள ஒரு ஸ்விட்ச்சில் முதல் பத்து போர்ட்டில் கிளாஸ் 2 ஃபோன்கள், அடுத்த ஆறில் கிளாஸ் 3 கேமராக்கள், பிறகு மூன்று ஆக்சஸ் பாயின்ட்கள், கடைசியில் திரும்பிச் சுழலும் ஒரு கேமரா என்று வைத்துக்கொள்வோம். கடைசி நான்கும் கிளாஸ் 4. ஃபோன்களுக்குத் தலா 7 வாட் வீதம் 70, கேமராக்களுக்குத் தலா 15.4 வீதம் 92.4, முதல் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 30. இத்தோடு 192.4. மீதி 2.6 வாட்டில் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் எழ முடியாது. இரண்டு ஆக்சஸ் பாயின்ட்களும் சுழலும் கேமராவும் இருட்டிலேயே இருக்கும். இத்தனைக்கும் ஃபோன்கள் நிஜத்தில் இழுப்பது தலா 3 வாட்டாக இருக்கலாம். சிஸ்கோ ஸ்விட்ச் என்றால் இந்தக் கட்டளை காட்டிக்கொடுத்துவிடும். மறுக்கப்பட்ட போர்ட்டுக்கு நேரே `power-deny` என்று இருக்கும்.

```
show power inline
```

எல்லாக் கருவிகளுக்கும் முழுதாக ஒதுக்கினால் மொத்தம் 282.4 வாட் வேண்டும். நான் இதற்கு 370 வாட் ரக ஸ்விட்ச்சைத்தான் எடுப்பேன். 195-ஐயே வைத்துச் சமாளிக்க வேண்டுமென்றால், நிஜ அளவைப் பார்க்கும் முறைக்கு ஸ்விட்ச்சை மாற்றலாம். ஆனால் கேமராக்களின் இரவு அளவை, சுழலும் கேமராவில் ஹீட்டர் இருந்தால் அதையும், தரவுத்தாளில் அதிகபட்சமாகப் போட்டிருக்கும் எண்ணை வைத்துக் கூட்ட வேண்டும். பகல் நேரத்தில் மீட்டரில் பார்த்த எண் உதவாது. கூடவே, போர்ட் முன்னுரிமையையும் கையால் அமைத்துவிடுங்கள். அமைக்காவிட்டால் பெரும்பாலும் சின்ன எண் போர்ட்டுக்குத்தான் முதல் பந்தி, கடைசி எண்ணில் மாட்டிய கருவிதான் பட்டினி கிடக்கும்.

என் ஏழாவது கேமராவை, கேபிளில் மின்சாரத்தைச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு தனி இன்ஜெக்டருக்கு மாற்றினேன். ஸ்விட்ச்சில் இப்போது இரவில் 60 வாட். எட்டாவது போர்ட்டில் யாரும் எதையும் மாட்டிவிடாதபடி ரப்பர் மூடி போட்டிருக்கிறேன்.