எதிர்வீட்டு ஆச்சி என்ன மாத்திரை வாங்கினார்?

தேவகோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அறுபது வயது ஆச்சி ஒருவர் வாரம் தவறாமல் கடைக்கு வருவாராம். வெயில், கத்தரிக்காய் விலை, பேரன் படிப்பு என்று பேசிவிட்டு, ஒரு தைலம் வாங்கிக்கொண்டு போய்விடுவாராம். ஒரு நாள் கேட்டார்: "எதிர்வீட்டு ஆச்சி நேற்று வந்தாரே, என்ன மாத்திரை வாங்கினார்?" கடைக்காரர் சொன்னார்: "அதை அவரிடம்தான் கேட்க வேண்டும், ஆச்சி." இரண்டு வாரம் கழித்து, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஆச்சி வாய் திறந்தார். இருமினால் சிறுநீர் கசிகிறது. பல வருடத் தொல்லை. 'இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?' என்பது வாசகரின் கேள்வி.

உறவு மேலோட்டமான பேச்சில் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகும் என்று ஆல்ட்மன், டெய்லர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் எழுதினார்கள். செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. முகப்புத் திண்ணையில் உட்காரவைத்துப் பார்த்த பிறகுதான் வளவுக்குள் அழைப்பார்கள்.

என்னை அசத்துவது ஆச்சியின் அந்த ஒரு கேள்விதான். நல்லவரும் வாயாடியும் ஒரே பதிலைச் சொல்லும் கேள்வியால் ஆளை எடைபோட முடியாது. வெயிலைப் பற்றிக் கேட்டால், நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்கிறாரா, அவசரப்படுத்துகிறாரா என்பது வரை தெரியும். ரகசியம் காப்பாரா என்பது தெரியாது. எதிர்வீட்டு மாத்திரை அதைக் காட்டிவிடும். இன்று அவர் கதை இங்கே வந்தால், நாளை என் கதை அங்கே போகும். கடைக்காரர் உளறியிருந்தாலும் ஆச்சிக்கு நட்டமில்லை, தைலத்தோடு திரும்பியிருப்பார். தன் குறையை முதலில் சொல்லியிருந்தால், சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. ஆச்சி இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை, பழக்கமே கணக்காகிவிடுகிறது.

இந்தச் சோதனையில் ஓட்டையும் உண்டு. பொறுமையாகக் கேட்டு, வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஏமாற்றுக்காரரும் இதில் தேறிவிடுவார். வந்தவரைப் பேசவிட்டு, அவர் சொன்னதையே கட்டத்தில் கண்டதாகத் திருப்பிச் சொல்லும் ஜோசியர் பிழைப்பதும் இப்படித்தான். என் மாமா ஒருவர் இதில் ஒரு பவுன் மோதிரத்தை இழந்தார்.

மருத்துவமனையில் சிக்கல் வேறு. அங்கே சோதித்துப் பார்க்க நேரமே கிடைப்பதில்லை. நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டதை 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. முதலில் சொல்லும் உபாதைதான் முக்கியமானது என்றும் இல்லை. 2007இல் இன்னோர் ஆய்வு, 'வேறு ஏதாவது குறை உண்டா?' என்று மருத்துவர் கேட்கும் கேள்வியில் 'any' என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை 'some' என்று மாற்றிப் பார்த்தது. 'இருக்கும்' என்று எதிர்பார்க்கும் 'some' என்ற சொல்லைப் போட்டபோது, சொல்லாமலே போகும் குறைகளில் 78 சதவீதம் வெளியே வந்தன. பேசும் நேரமும் கூடவில்லை.

தமிழில் நாம் வழக்கமாகக் கேட்பது: "வேறு ஒன்றும் இல்லையே?" 'இல்லை' என்ற பதிலைக் கேள்வியே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. "இன்னும் ஏதோ சொல்ல வந்தீர்களே, ஆச்சி?" என்று கேட்டுப் பார்க்கும்படி வாசகருக்கு எழுதியிருக்கிறேன். ஆச்சி இப்போது மகளிர் மருத்துவர் சொன்னபடி இடுப்புத் தசைப் பயிற்சி செய்கிறாராம். தைலம் வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.