சித்திரையில் போர்வெல் தண்ணீரை அளந்து பாருங்கள், அப்புறம் டிரிப்

சொட்டுநீர்க் குழாய்களுக்குத் திட்டம் போட்டுத் தருவது என் தொழில். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை, அரசு நிர்ணயித்த விலைக்குள் 100 சதவீதம் மானியம் கிடைக்கிறது. அதனால் வருகிறவர்கள் எல்லோரும் இருக்கிற நிலம் முழுவதற்கும் போட்டுவிடச் சொல்கிறார்கள். போரில் கோடையில் எவ்வளவு வரும் என்று கேட்டால், "ரெண்டு இஞ்சு வரும் சார்" என்பார்கள். அது மழை பெய்து முடிந்த மாதத்துக் கணக்கு.

தர்மபுரி பக்கம் ஒருவருக்கு 3 ஏக்கர், ஒரே போர். கார்த்திகையில் 200 லிட்டர் டிரம் ஒரு நிமிடத்தில் நிறைந்தது. சித்திரையில் மோட்டாரை மூன்று மணி நேரம் ஓடவிட்டு அளந்தோம், இரண்டரை நிமிடம் ஆனது. போட்டவுடன் அளந்தால் குழியில் தேங்கி நின்ற தண்ணீரும் சேர்ந்து வந்து நம்மை ஏமாற்றும். ஆக, மணிக்கு 12,000 லிட்டர் தந்த போர் கோடையில் 4,800 லிட்டர்தான் தருகிறது. மும்முனை மின்சாரத்தில் ஆறு மணி நேரம் ஓட்டினால் 28,800 லிட்டர். நன்றாக வளர்ந்து மூடிய பயிருக்குக் கடும் வெயிலில் ஏக்கருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர் வேண்டும். குழாயில், வடிகட்டியில் போகிற இழப்பைக் கழித்தால் ஒன்றேகால் ஏக்கருக்குத்தான் தாங்கும். டிரிப் தண்ணீரை வீணாக்காமல் கொடுக்கும், இல்லாத தண்ணீரைக் கொண்டுவராது.

இதைவிடப் பெரிய சிக்கல் வால்வில் இருக்கிறது. நான்கடி இடைவெளியில் செடி வரிசைக்கான லேட்டரல் குழாய், அதில் இரண்டடிக்கு ஒரு டிரிப்பர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 5,400 டிரிப்பர். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால், ஒரு ஏக்கரை ஒரே நேரத்தில் திறக்க மணிக்கு 21,600 லிட்டர் வேண்டும். கார்த்திகைத் தண்ணீரை வைத்து 55 சென்டுக்கு ஒரு வால்வு என்று பிரித்துவிட்டால், சித்திரையில் அதே வால்வைத் திறக்கும்போது அழுத்தம் விழுந்துவிடும். முதல் வரிசைகள் நனையும், கடைசிச் செடிகள் வாடும். பலர் அடைப்பு என்று நினைத்து ஆசிட் விடுகிறார்கள். அடைப்பு என்றால் இங்கொன்று அங்கொன்றாக டிரிப்பர்கள் நிற்கும். அழுத்தக் குறைவு என்றால் கடைசிப் பக்கம் மொத்தமாகச் சொட்டாது, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள அழுத்த மீட்டரும் ஒரு கிலோவுக்குக் கீழே நிற்கும். அந்தத் தோட்டத்துக்கு 2 லிட்டர் டிரிப்பர் போட்டு, 40 சென்டுக்கு ஒரு வால்வு வைத்தோம். கோடையில் ஒவ்வொன்றாகத் திறக்கிறார், மழைக்காலத்தில் இரண்டு வால்வைச் சேர்த்தே திறக்கிறார். கூடுதலாக ஆன செலவு சில வால்வுகளும் கொஞ்சம் பைப்பும்தான்.

சரி, மானியம் முழுசாக வருகிறதே, அப்புறம் பணத்துக்கு என்ன கவலை? அந்தக் கூடுதல் வால்வு, போரிலிருந்து வயலுக்கு நீண்ட மெயின் லைன், ஓடை வெட்டுக் கூலி, மணல் அதிகம் வருகிற போருக்கு இன்னொரு ஃபில்டர் என்று அவர் கையிலிருந்து போட வேண்டியது 60,000 ரூபாய் ஆனது. ஒரு தனியார் ஃபைனான்ஸில் மாதத் தவணைக்குப் பேசிவைத்திருந்தார். அவர் பயிரோ மஞ்சள். வைகாசியில் நட்டால் மாசியில்தான் வெட்டு. இடையில் ஒன்பது மாதமும் உரத்துக்கும் களையெடுக்கவும் பணம் வெளியே போகுமே தவிர உள்ளே வராது. அந்த மாதங்களில் தவணை கட்ட மாட்டையோ நகையையோதான் விற்க வேண்டும். பயிர்க்கடனை எடுத்துக் குழாய்க்குப் போடுவதும் நல்லதல்ல. விதைக்கும் உரத்துக்கும் மறுபடி வெளியே வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும்.

வறண்ட வருடத்தை வைத்துத்தான் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மழை பொய்த்தால் ஒன்றேகால் ஏக்கர் மட்டுமே பயிர். அதில் செலவு போக, வீட்டுச் செலவும் போக 30,000 மிஞ்சலாம் என்றார் அவர். அப்படியானால் 60,000 ரூபாய் இரண்டு அறுவடைக் கடன். மாசி வெட்டு விற்று முடிகிற பங்குனியில் பாதி, அடுத்த பங்குனியில் பாதி என்று தவணைத் தேதியை வைக்கிற இடத்தில்தான் வாங்க வேண்டும். கூட்டுறவு நகைக்கடன் அவருக்கு அப்படி ஒத்துவந்தது. மழை நன்றாகப் பெய்கிற வருடத்தில் முன்கூட்டியே அடைத்துக்கொள்ளலாம், அது தனி.

மூன்று ஏக்கரையும் ஒரே மூச்சில் எடுக்கவும் வேண்டாம் என்றேன். ஒரே நிலத்துக்கு மறுபடி மானியம் வாங்க 7 வருடம் ஆகும். தண்ணீர் பாயாத வயலில் குழாயை விரித்து வெயிலுக்கும் அணிலுக்கும் கொடுத்தால் அந்த வாய்ப்பும் சேர்ந்து போய்விடும். அவருக்கு இரண்டு சர்வே எண்களில் நிலம். போருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றேகால் ஏக்கருக்கு முதலில் விண்ணப்பித்தார். மெயின் லைனை மட்டும் மீதி நிலத்தின் வரப்பு வரை கொண்டுபோய் மூடி போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த இரண்டு சித்திரையும் டிரம் வைத்து அளந்து பார்த்துவிட்டு, இன்னொரு சர்வே எண்ணுக்கு எழுதிக் கொடுப்பதாக இருக்கிறார்.