தக்காளிக்காயைச் சாப்பிடலாமா?

ஐப்பசி மழையில் தக்காளிச் செடி சாய்ந்துவிட்டால் பழுக்காத காய்கள் ஒரு கூடையாவது தேறும். பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைக்கலாம், பச்சை மிளகாயோடு வதக்கித் துவையல் அரைக்கலாம். ஆனால் பச்சைத் தக்காளியில் சொலனின் என்ற நஞ்சு இருக்கிறது, வாயில் வைக்கவே கூடாது என்ற எச்சரிக்கையும் அடிக்கடி காதில் விழுகிறது. அந்த எச்சரிக்கையில் பாதிதான் சரி. தக்காளிக்காயில் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்துவைத்த ஒரு நச்சுப்பொருள் இருப்பது உண்மை. ஆனால் அது உருளைக்கிழங்கின் சொலனின் அல்ல. அதன் பெயர் டொமாட்டின். சொலனினுக்கு உறவுதான் என்றாலும், நம் வயிற்றுக்குள் போனால் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. நன்றாக முற்றிய காயைச் சமைத்துச் சாப்பிடப் பயப்பட வேண்டியதில்லை. பிஞ்சைத்தான் தவிர்க்க வேண்டும். ஏன் இந்த வித்தியாசம் என்பதைப் புரிந்துகொள்ள, டொமாட்டின் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

1940களில் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஃபான்டெய்ன், இர்விங் ஆகியோரின் குழு தக்காளிச் செடியில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள் எது என்று தேடிக்கொண்டிருந்தது. தக்காளியை வாடவைத்துக் கொல்லும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சைதான் அவர்களுடைய கவலை. செடியின் சாற்றிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்துப் படிகமாக்கிய பொருளுக்கு டொமாட்டின் என்று பெயரிட்டு, 1948இல் அறிவித்தார்கள். அதாவது டொமாட்டின் முதலில் அறிவியலுக்கு அறிமுகமானது மனிதனைக் கெடுக்கும் நஞ்சாக அல்ல, பூஞ்சையைக் கொல்லும் மருந்தாக.

அதன் மூலக்கூறில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு பக்கம் கொலஸ்டிராலிலிருந்தே செடி தயாரிக்கும், நைட்ரஜன் சேர்ந்த ஒரு கொழுப்புத் துண்டு. இன்னொரு பக்கம் நான்கு சர்க்கரைகள் கோத்த சங்கிலி: இரண்டு குளுக்கோஸ், ஒரு காலக்டோஸ், ஒரு சைலோஸ். ஒரு முனை எண்ணெயோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரோடு ஒட்டும். பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கும் பொருளின் அமைப்பும் இதே வகைதான்.

பூஞ்சையானாலும் விலங்கானாலும், செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் ஸ்டீரால் என்ற கொழுப்பு வகை இருக்கும். நம் உடம்பில் அது கொலஸ்டிரால். டொமாட்டின் இந்த ஸ்டீராலைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மூலக்கூறுகள் கூட்டம் சேரச்சேர சவ்வு நெளிந்து கிழிந்து, செல்லின் உள்ளிருப்பு வெளியே கசிந்துவிடும். செடியைத் தாக்க வரும் பூஞ்சைக்கு நேர்வது இதுதான். சில பூஞ்சைகள் இதற்கும் மாற்று வழி கண்டுபிடித்துவிட்டன. தக்காளி இலையில் புள்ளிநோய் தரும் செப்டோரியா பூஞ்சை, நான்கு சர்க்கரைகளில் ஒரே ஒரு குளுக்கோஸை மட்டும் வெட்டிவிடும் நொதியைச் சுரக்கிறது. ஃபியூசேரியம் சர்க்கரைச் சங்கிலியை மொத்தமாகவே கழற்றிவிடுகிறது. சங்கிலி குலைந்தால் ஸ்டீராலைப் பிடிக்கும் பலம் போய்விடும். டொமாட்டினின் பலம் முழுவதும் அந்த நான்கு சர்க்கரைகளை நம்பியே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சரி, நம் செல்களிலும் கொலஸ்டிரால் இருக்கிறதே, நாம் தப்பிப்பது எப்படி? தப்பிக்க வைப்பதும் அதே கொலஸ்டிரால்தான். குடலில் சாப்பாட்டிலிருந்தும் பித்தநீரிலிருந்தும் வந்த கொலஸ்டிரால் ஏற்கெனவே நிறைய மிதந்துகொண்டிருக்கும். டொமாட்டின் அதைப் பிடித்துக்கொண்டு, கரையாத ஒரு கூட்டுப்பொருளாக மாறுகிறது. கரையாத பொருளைக் குடல் உறிஞ்சாது. இரண்டும் சேர்ந்து மலத்தோடு வெளியேறிவிடும். எலிகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். டொமாட்டினை ரத்தத்தில் நேராக ஏற்றினால், எடையில் கிலோவுக்கு சுமார் 18 மில்லிகிராம் அளவிலேயே பாதி எலிகள் இறந்துவிடும். வாய்வழியாகக் கொடுத்தால் அதே விளைவுக்கு சுமார் 500 மில்லிகிராம் தேவைப்படுகிறது. ரத்தத்துக்குள் போனால் கொடிய நஞ்சாக இருக்கும் ஒன்று, குடலைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறது.

கலிபோர்னியாவின் ஆல்பனியில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் மெண்டல் ஃபிரீட்மன் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். வெள்ளெலிகளுக்கு டொமாட்டினையும் பச்சைத் தக்காளியையும் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் குறைந்தது. இதைப் படித்துவிட்டுக் கொலஸ்டிரால் குறையத் தக்காளிக்காய் தின்ன ஆரம்பிக்க வேண்டாம். அது வெள்ளெலியில் கண்டது, மனிதருக்கான மருந்தளவு எதையும் அது சொல்லவில்லை. ஆனால் டொமாட்டின் குடலிலேயே சிறைப்படுகிறது என்பதற்கு அது நல்ல ஆதாரம். உருளைக்கிழங்கின் சொலனினில் மூன்றே சர்க்கரைகள்தான். அது கொலஸ்டிராலை இவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை, உடம்புக்குள்ளும் கூடுதலாகச் சேர்கிறது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சொலனின் வகைகளைவிட டொமாட்டின் மிகக் குறைவாகவே தீங்கு செய்தது. பச்சை உருளைக்கிழங்கையும் பச்சைத் தக்காளியையும் ஒரே தராசில் வைப்பது தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது அளவு. பச்சைத் தக்காளி என்று ஒரே பெயரில் சொன்னாலும், பிஞ்சும் முற்றிய காயும் டொமாட்டின் கணக்கில் வெகுதூரம் விலகி நிற்பவை. பூவும் இலையும் கிலோவுக்கு சுமார் 1000 மில்லிகிராம் வைத்திருக்கும். சின்னப் பிஞ்சில் 500 வரை போகும். வளர்ச்சி முடிந்து இன்னும் பச்சையாக இருக்கும் காயில் 50 அளவுக்கு இறங்கிவிடும். சிவந்த பழத்தில் 5, அல்லது அதற்கும் கீழே. ரகத்துக்கு ரகம் இந்த எண்கள் மாறும், ஆனால் இறங்கும் வரிசை மாறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் கூட்டாக 200 கிராம் முற்றிய காய் சாப்பிடுகிறார் என்றால், உள்ளே போகும் டொமாட்டின் 10 மில்லிகிராம். உடல் எடையில் கிலோவுக்கு 0.17 மில்லிகிராம்தான். டொமாட்டினுக்கென்று மனிதருக்கான வரம்பு எதுவும் இன்னும் வகுக்கப்படவில்லை. 2020இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை ஆராய்ந்தபோது, வரம்பு சொல்லப் போதுமான தரவு இல்லை என்றே முடித்தது. உருளைக்கிழங்கு நஞ்சுக்கு மட்டும், கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவிலேயே வயிற்று உபாதை தொடங்கலாம் என்று அது கணக்கிட்டது. அந்தக் கடுமையான அளவுகோலை டொமாட்டினுக்கு வைத்தாலும், நம் கூட்டு அதில் ஆறில் ஒரு பங்குதான் வருகிறது. அதே 200 கிராம் முழுக்கப் பிஞ்சாக இருந்தால் 100 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 1.7. இப்போது அளவுகோலைத் தாண்டிவிட்டோம். 15 கிலோ எடையுள்ள குழந்தை 100 கிராம் பிஞ்சு தின்றால் 3.3. டொமாட்டின் சொலனினைவிடச் சாதுவானது என்றாலும், இந்த அளவில் சோதித்துப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

காய் பழுக்கும்போது இவ்வளவு டொமாட்டினும் எங்கே போகிறது? அது ஆவியாவதுமில்லை, செடிக்குத் திரும்புவதுமில்லை. எத்திலீன் வாயு பழுக்கும் வேலையைத் தொடங்கி வைத்ததும், அதுவரை செல்லுக்குள் ஒரு தனி அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்த டொமாட்டின் வெளியே விடப்படுகிறது. வெளியே காத்திருக்கும் நொதிகள் அதைப் படிப்படியாக மாற்றி, இன்னொரு குளுக்கோஸையும் சேர்த்து, எஸ்குலியோசைடு ஏ என்ற கசப்பில்லாத பொருளாக்கிவிடுகின்றன. பழத்தைத் தின்று விதையைப் பரப்ப விலங்கு வர வேண்டுமே, கசந்தால் வருமா? அந்த அறைக்கதவைத் திறப்பது கோர்க்கி என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021இல் அதை விவரித்தார்கள். அந்தப் புரதம் வேலை செய்யாத செடியில் பழம் சிவந்து போனாலும் கசப்பு போவதில்லை.

இயற்கையிலும் அப்படிக் கசக்கும் பழங்கள் உண்டு. பெரு நாட்டின் சான் மார்டின் பகுதியில் மாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் சிறு தக்காளிகளில், பழுத்த பிறகும் டொமாட்டின் குறைவதில்லை. தக்காளி மரபியலில் பெரும்பெயர் பெற்ற சார்ல்ஸ் ரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994இல் அவற்றை அளந்தபோது, உலர்ந்த எடையில் கிலோவுக்கு 500 முதல் 5000 மில்லிகிராம் வரை இருந்தது. பழத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், ஈரத்தோடு கணக்கிட்டால் அது ஏறக்குறைய நம் முற்றிய காயிலிருந்து பிஞ்சு வரையிலான அளவு. அந்த ஊர் மக்கள் இந்தப் பழங்களைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள், உடனடித் தீங்கு எதுவும் தென்படவில்லை என்று ரிக் குழு பதிவு செய்தது. தக்காளிக்காயைப் பற்றிய அச்சத்துக்கு எதிராக என்னிடம் இருக்கும் வலுவான சாட்சி, ஆய்வகத்து எலியைவிட, இந்தப் பள்ளத்தாக்கின் சாப்பாட்டுத் தட்டுதான்.

அப்புறம், அடுப்படிக்கு வருவோம். சமைத்தால் டொமாட்டின் அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அழியாது. கொதிக்க வைத்தாலும் எண்ணெயில் வதக்கினாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் காயைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிதாக இருப்பதை மட்டும் வைத்து முற்றியதா என்று முடிவு செய்ய முடியாது, ரகத்துக்கு ஏற்ப அளவு மாறும். ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கூழ் நிறைந்திருந்து, கத்தி படும்போது விதைகள் வழுக்கி விலகினால் அது முற்றிய காய். உள்ளே கூழ் கட்டாமல் கெட்டியாக இருந்து, விதையும் கத்தியில் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது இன்னும் பிஞ்சு. அதே பறிப்பில் அந்த அளவுள்ள மற்ற காய்களும் பிஞ்சாகத்தான் இருக்கும், ஒதுக்கிவிடலாம்.

முற்றிய காய்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல் வெளியே கூடையில் வைத்தால் சில நாட்களில் செங்காயாகித் தானே பழுக்கும். பிஞ்சு அப்படிப் பழுக்காது, சுருங்கித்தான் போகும். காம்பையும் அதன் அடியில் நட்சத்திரம்போல் இருக்கும் பச்சை இதழையும் கிள்ளி எறிந்துவிடுங்கள், டொமாட்டின் அங்கே பழத்தைவிடப் பல மடங்கு. இலையைக் கீரைபோல் சமைக்க வேண்டாம். வெட்டிப் போட்ட கொடியை ஆடு மாட்டுக்குத் தீனியாகப் போடுவதும் நல்லதல்ல. துவையலை ருசி பார்க்கும்போது புளிப்பைத் தாண்டி நாக்கில் ஒரு கசப்பு தங்கினால், புளியும் வெல்லமும் போட்டு அதை மறைக்காமல் கொட்டிவிடுவதே சரி. அப்படியே சாப்பிட்டுக் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, பேதி என்று ஏதாவது தொடங்கினால், தண்ணீர் நிறையக் குடிக்கக் கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, பாதிக்கப்பட்டது சிறு குழந்தை என்றாலோ மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், எதைச் சாப்பிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.