ஒயிட்போர்டு அனிமேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

வெள்ளைத் திரையில் பேனா பிடித்த கை ஒன்று வரும். அது கோடு கோடாகப் படம் வரைய, பின்னால் ஒரு குரல் விளக்கிக்கொண்டே போகும். இந்த வகைக் காணொளிக்குத்தான் ஒயிட்போர்டு அனிமேஷன் என்று பெயர். 1906-இலேயே திரைப்படக் கலைஞர் ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகையில் சாக்பீஸ் முகங்களை வரைந்து படமாக்கியிருக்கிறார். இன்று நாம் பார்க்கும் வடிவத்தைப் பரவலாக்கியது, லண்டனில் உள்ள ஆர்.எஸ்.ஏ. எனப்படும் ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைப்பு 2010-இல் தொடங்கிய காணொளித் தொடர்.

‘அனிமா’ என்ற லத்தீன் சொல்லுக்கு மூச்சு, உயிர் என்று பொருள். அனிமேஷன் என்றால் உயிர் கொடுப்பது. தமிழில் ‘அசைவூட்டம்’ நிலைபெற்றுவிட்டதால் ‘வெண்பலகை அசைவூட்டம்’ என்பது நேரான பெயர். ஆனால் இந்தக் காணொளியில் பெரும்பாலும் படம் அசைவதில்லை, வரையப்படுகிறது. மென்பொருளில் செய்யும்போது முழுப் படத்தை முன்பே வரைந்து மறைத்துவைத்து, கோட்டின் போக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுகிறார்கள்; கை பெரும்பாலும் மேலே ஒட்டிய படம்தான். அதனால் ‘வெண்பலகை வரைகாட்சி’ என்ற பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எது முதலில் வரையப்படுகிறது என்பதுதான் இங்கே பொருளைச் சொல்கிறது. ‘முதலில் சேமிப்பு, மிச்சம் செலவுக்கு’ என்ற கருத்தையே எடுத்துக்கொள்வோம். வருமானத்தை 100 பங்கு கொண்ட பெட்டியாக வரைகிறோம். அதில் வாடகை, சாப்பாடு, பயணம் என்று நிரப்பிவிட்டு, மூலையில் மிஞ்சிய 20 பங்கில் ‘சேமிப்பு’ என்று எழுதினால் என்ன ஆகும்? குரல் ‘சேமிப்பு முதலில்’ என்று சொல்லும், படமோ ‘மிஞ்சினால் சேமி’ என்று காட்டும். பார்ப்பவர் மனதில் படம்தான் நிற்கும். எனவே காலிப் பெட்டி வந்ததும் முதல் கோடே 20 பங்கைப் பிரிக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு வண்ணம் தீட்டிய பிறகுதான் மீதி 80-க்குள் செலவுகள் வரலாம். முடித்த காணொளியை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். படம் மட்டுமே கருத்தைச் சொல்லவில்லை என்றால் வரிசை தவறு.

அப்புறம், குரலைப் பதிவு செய்த பிறகே வரையும் நேரத்தை முடிவுசெய்யுங்கள். ‘சம்பளம் வந்ததும் இருபது பங்கைத் தனியே எடுத்து வைக்கிறோம்’ என்ற வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. ‘சம்பளம்’ என்னும்போதே பெட்டி வந்துவிடலாம். பிரிக்கும் கோடு ‘எடுத்து வைக்கிறோம்’ என்ற சொல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலக் காணொளியின் நேரக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு தமிழ்க் குரலை மட்டும் ஏற்றினால், சொல் வருவதற்கு முன்பே கோடு விழுந்துவிடும்.