பகற்பண், இராப்பண், பொதுப்பண்

ராகம் வடசொல், நிறமேற்றுதல், மனதை ஈர்த்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தமிழில் அதற்கு நிகராகச் சொல்வது பண். பண்ணுதல் என்கிற வினையோடு சேர்ந்த சொல், அதாவது சுரங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. யாழை இன்ன பண்ணுக்குக் கூட்டி வாசிப்பதையே பழைய பாட்டில் ‘பண்ணி’ என்றுதான் சொல்வார்கள்.

பண்ணுக்குப் பொழுது உண்டு என்பதற்குச் சங்கப் பாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. புறநானூறு 149-இல் வன்பரணர், நள்ளி என்கிற வள்ளலைப் புகழ்கிறார்: நீ அள்ளிக் கொடுத்ததில் எங்கள் பாணர்கள் மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் வாசித்து முறையையே மறந்துவிட்டார்கள்! காலைக்கு மருதம், மாலைக்குச் செவ்வழி என்பது கேட்பவர் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தானே இந்தக் கிண்டல் எடுபடும்.

தேவாரத்துக்கு வரும்போது இதே எண்ணம் கோயில் பூசைக்கு ஏற்ப பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று மூன்றாகிறது. பள்ளியெழுச்சியில் தொடங்கி அர்த்தசாமத்தில் பள்ளியறை சேர்கிற சுவாமிக்கு எழுப்புகிற இசை வேறு, உறங்க வைக்கிற இசை வேறு. புறநீர்மை பகற்பண், இன்று ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுகிறார்கள். மேகராகக்குறிஞ்சி இராப்பண், அது இப்போது நீலாம்பரி, நம் வீட்டுத் தாலாட்டுக்கும் அதே ராகம்தான். பூபாளத்தில் மத்திமமும் நிஷாதமும் கிடையாது, ஐந்தே சுரம், வெட்டவெளி மாதிரி இருக்கும். நீலாம்பரியோ நேராக ஏறி இறங்காமல் வளைந்து வளைந்து, இழைத்துப் பாடினால்தான் நிற்கும், வேகமாகப் பாடினால் அதன் முகமே போய்விடும். ஆக, பண்ணுக்குப் பொழுது பிரித்ததற்குச் சுரத்தில் கொஞ்சம் காரணம் இருக்கிறது.

ஆனால் முழுக் காரணமும் சுரத்தில் இல்லை, பெரும்பகுதி பழக்கம்தான் என்று எனக்குப் படுகிறது. சங்க காலத்தில் மாலைக்கென்றிருந்த செவ்வழி, தேவாரப் பாகுபாட்டில் பொதுப்பண், எப்போது வேண்டுமானாலும் பாடலாம். மேகராகக்குறிஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பண்ணில் சம்பந்தர் பாடிய திருவையாற்றுப் பதிகத்தில், பெண்கள் ஆட முழவு அதிர, அதை இடியென்று நினைத்து மிரண்ட மந்திகள் மரமேறி முகில் பார்க்கின்றன. பெயரிலும் மேகம், பாட்டிலும் மேகம். அதனால் மழை வேண்டிப் பாடுகிற பதிகமாக ஆகிவிட்டது. மழைக்காக ஓதும்போது இராப்பண்ணாயிற்றே என்று இருட்டும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

கச்சேரி மேடையில் இந்தக் கணக்கு அநேகமாகத் தளர்ந்துவிட்டது, இந்துஸ்தானியில்தான் இன்னும் கறாராகப் பார்க்கிறார்கள். தமிழில் எழுதும்போது சொல் விஷயத்தில் ஒன்று: ‘காலை ராகம்’ என்பதற்கு நேராகப் பகற்பண் என்று போட்டுவிடாதீர்கள். பகற்பண் பகல் முழுவதற்கும் உரியது, விடியலுக்கு மட்டும் அல்ல. காலைப்பண் என்றே எழுதலாம், யாருக்கும் புரியும்.