மொய் நோட்டில் வரவு மட்டும்தான் இருக்கிறதா?

பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், வருமான வரிக் கணக்கு கொடுக்க வந்தவர், மகளின் காதணி விழா மொய் நோட்டையும் கொண்டு வந்திருந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். மொத்தம் 4,20,000 ரூபாய். “பந்தல், சாப்பாடு போக 1,60,000 மிச்சம் சார். பழைய பைக் ஒண்ணு வாங்கி, மீதியில வட்டிக்கடனை அடைச்சிட்டேன்” என்றார்.

அவர் முன்பு செய்த மொய்க்கும் ஒரு நோட்டு இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். வந்ததில் 1,80,000 அவர் ஏற்கெனவே எழுதியது திரும்பி வந்தது. மீதி 2,40,000 புதிதாக எழுதப்பட்டது, அதாவது கடன். வட்டி கிடையாது, தவணைத் தேதியும் கிடையாது. பத்திரிகை வருகிற அன்றுதான் தவணை. மிச்சம் என்று அவர் நினைத்ததைவிடக் கடன் 80,000 அதிகம்.

பெயர் பார்ப்பதற்கே அரை நாள் ஆனது. ‘முருகேசன் – 1000’ என்று ஒரு வரி. அந்த ஊரில் நாலு முருகேசன்! அப்பா பெயர், தெரு, ஊர் மூன்றும் இல்லாத வரியால் பயனில்லை. எழுத உட்காருபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விழா முடிந்த வாரமே, ஆட்கள் ஞாபகத்தில் இருக்கும்போதே, ஊர்வாரியாகப் பிரித்து வேறு நோட்டில் எழுதி, எதிரே ‘நாம் செய்தது’ என்று ஒரு கட்டம் விடுங்கள்.

அடுத்து, வரும் ஆவணி வரை யார் வீட்டில் விசேஷம் என்று பார்த்தோம். இதில் வீட்டம்மாவுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. 22 வீடுகள் தேறின. திருப்ப வேண்டியது 38,000. வாங்கியதை அப்படியே திருப்பினால் கணக்கை முடித்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், கூடுதலாக எழுத 12,000. ஆக 50,000. கையில் 10 மாதம் இருந்தது. மாதம் 5,000 வங்கித் தொடர் வைப்பில் போடச் சொன்னேன். போன ஆவணியில் ஒரே முகூர்த்தத்தில் மூன்று பத்திரிகை வந்து, தோடு அடகுக்குப் போனதாம். கூடுதலாக எழுதும் 12,000-ஐயும் நோட்டில் ஏற்ற வேண்டும். அது இனி நமக்கு வரவேண்டியது.

வரி விஷயம் ஒன்று உண்டு. கல்யாண மொய்க்கு வருமான வரி விலக்கு இருக்கிறது, ஆனால் அது மணமக்கள் பெறுவதற்கு மட்டும். காதணி, புதுமனைப் புகுவிழாவுக்கு அந்த விலக்கு இல்லை. சட்டம் சொல்லும் உறவினர் அல்லாதவர்களிடம் இருந்து ஓராண்டில் மொத்தம் 50,000-க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், அந்த முழுத்தொகையையும் வருமானமாகப் பார்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. கூடப்பிறந்தவர், மனைவியின் கூடப்பிறந்தவர், சித்தப்பா, தாய்மாமன் ஆகியோர் உறவினர் பட்டியலில் வருவார்கள். ஒன்றுவிட்ட அண்ணனும் அத்தை மகனும் வரமாட்டார்கள். ஆகவே பெயருக்குப் பக்கத்தில் உறவுமுறையையும் எழுதுங்கள். மொய்ப்பணத்தை மொத்தமாக வங்கியில் கட்டி, எங்கிருந்து வந்தது என்று கேள்வி வந்தால், காட்டுவதற்கு அந்த நோட்டுதான் இருக்கும்.