ஆக்சிஸ் – பார்வை அச்சு

படப்பிடிப்பில் ‘ஆக்சிஸ் ஜம்ப் ஆகிறது’ என்று உதவி இயக்குநர் எச்சரிக்கும்போது, அவர் மனத்தில் இருப்பது உரையாடும் இருவரையும் இணைத்து ஓடும் ஒரு கற்பனைக் கோடு. கேமராவை எத்தனை முறை இடம் மாற்றினாலும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில், 180 பாகைக்குள், நிறுத்த வேண்டும் என்பதே ஆக்சிஸ் விதி.

இலத்தீன் மொழியில் ‘ஆக்சிஸ்’ என்றால் வண்டியின் அச்சு. சமஸ்கிருத ‘அக்ஷ’ அதன் உறவுச் சொல். தமிழின் ‘அச்சு’ அந்த ‘அக்ஷ’வோடு தொடர்புடையது. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்று குறள் சொல்வதும் இந்த வண்டி அச்சைத்தான். ஆயினும் ‘அச்சு விதி’ என்று மட்டும் எழுதினால் அச்சுத் தொழிலை நினைக்க இடமுண்டு என்பதால், ‘பார்வை அச்சு’ என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது. ‘பார்வைக்கோடு’ இதற்குப் பொருந்தாது. அது ஒருவர் பார்க்கும் திசையை மட்டும் குறிப்பது, அச்சோ இருவருக்கும் பொதுவானது.

மேசையின் இருபுறமும் தந்தையும் மகளும் அமர்ந்து பேசுகிறார்கள் என்று கொள்வோம். இருவரையும் சேர்த்துக் காட்டும் மாஸ்டர் ஷாட்டில் மகள் இடப்பக்கம், தந்தை வலப்பக்கம். அப்படியானால் மகளின் குளோசப்பில் அவள் வலப்பக்கமும், தந்தையின் குளோசப்பில் அவர் இடப்பக்கமும் பார்க்க வேண்டும். மகளின் குளோசப்பை மட்டும் கோட்டைத் தாண்டி எடுத்துவிட்டால் இருவருமே இடப்பக்கம் பார்ப்பார்கள். வெட்டி ஒட்டியதும் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல், வெளியே நிற்கும் மூன்றாமவரைப் பார்ப்பதுபோல் தோன்றும். வசனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் குழப்பத்தை மறைக்க முடியாது.

ஒருவரின் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டில் இதைக் கண்டறியத் தோளே போதும். தந்தையின் இடத் தோளுக்கு மேலாக மகளைக் காட்டினால், மகளின் வலத் தோளுக்கு மேலாகத் தந்தையைக் காட்ட வேண்டும். இரண்டிலும் இடத் தோளே வந்தால் அச்சு தாண்டப்பட்டுவிட்டது.

அனுபவமுள்ளவர்களும் தடுமாறுவது, உரையாடலின் நடுவே தாய் உள்ளே வரும்போதுதான். தந்தை திரும்பி அவரிடம் பேசத் தொடங்கியதும் அவ்விருவருக்கும் இடையே புதிய அச்சு பிறக்கிறது. தந்தை தலையைத் திருப்புவதை அதே ஷாட்டில் முழுமையாகக் காட்டினால் பார்வையாளரும் அவருடனே திரும்பிவிடுவர். அதன்பின் கேமரா புதிய அச்சுக்கு ஏற்ப இடம் மாறலாம். ஒரே ஷாட்டில் கேமராவே நகர்ந்து கோட்டைக் கடப்பதும், கோட்டின் மேலேயே நின்று எடுத்த ஷாட்டை இடையில் வைப்பதும் ஏற்கத்தக்கவையே.

தவறு படத்தொகுப்பில் தெரியவந்தால் சட்டகத்தை இட வலமாகப் புரட்டுவதுண்டு. பார்வைத் திசை சரியாகும். ஆனால் தந்தையின் சட்டைப் பை மறுபக்கம் போகும், தலை வகிடு இடம் மாறும், பின்னால் எழுத்துப் பலகை இருந்தால் எழுத்துகள் தலைகீழாக அன்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கும். அச்சைக் காக்கப் போய்க் கன்டினியூட்டியை, அதாவது காட்சித் தொடர்ச்சியை, இழக்க நேரும்.